மீதிப் பாதி முட்டை

டெய்லரம்மாவின் ஆரஞ்சு கேக்குக்கு ஒரே ஒரு முட்டைதான். அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை. மற்றவர்கள் மூன்று நான்கு என்று உடைத்து ஊற்றியும் கட்டையாகிப் போகிற கேக், அவள் கையில் ஒற்றை முட்டையில் பஞ்சாக எழும்பி நிற்கும். யார் கேட்டாலும் அளவைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, "ஆனா கைப்பக்குவம் வேணும்" என்று ஒரு வாலையும் சேர்த்துக் கட்டுவாள். அந்த வாலைக் கேட்டதுமே பாதிப் பேர் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்துவிடுவார்கள்.

வீட்டு முன்னறையில் தையல் மெஷின். அதன் பின்னால் உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் அவள் தெரிவாள், எல்லாரும் அவளுக்குத் தெரிவார்கள். புருஷன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு இப்போது வேறு பெயர்கள் வந்துவிட்டாலும், தெருவுக்கு அவர் கம்பவுண்டர்தான். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் பாப்பா.

பாப்பா வாரக் கடைசியில் போன் செய்வாள். முதலில் அப்பா எடுப்பார், "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு, "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று நீட்டிவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமானாலும் போன் டெய்லரம்மாவின் காதில்தான். எத்தனையோ வருஷ வழக்கம் அது. மகளின் பேச்சு தனக்கென்று எழுதி வைத்த சொத்து என்றே அவள் நினைத்திருந்தாள்.

அன்றைக்கு பாப்பா கேட்டது ஆரஞ்சு கேக்கைப் பற்றி. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அடுப்பும் சின்னது, முழு அளவில் செய்தால் நாலு நாளைக்குக் கிடந்து காய்கிறது. பாதி அளவில் எப்படிச் செய்வது என்று கேட்டாள்.

"பாதியெல்லாம் வராது," என்றாள் டெய்லரம்மா. "மாவைப் பாதியாக்கலாம், சர்க்கரையைப் பாதியாக்கலாம். ஒத்த முட்டையை எப்படிடி பாதியாக்குவ? முழுசா பண்ணி அக்கம்பக்கம் குடு."

தான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டதாக பாப்பா சொன்னாள். மற்றதையெல்லாம் பாதியாக்கி, முட்டையை மட்டும் முழுதாகப் போட்டிருக்கிறாள். வந்தது கேக் இல்லை, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். மென்றால் ரப்பர் மாதிரி இழுத்ததாம், முட்டை வாடை வேறு. டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. மகளுக்கு வராதது தனக்கு வருகிறது என்ற திருப்தி. இதைப் பெற்ற தாய் வெளியில் சொல்வாளா?

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர், கேட்காமலே வாயைத் திறந்தார். "ஏன் வராது? பாதி டோஸ் எடுக்கிற மாதிரிதானே. நான் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன், பாப்பா."

டெய்லரம்மா திரும்பிப் பார்த்தாள். டீ போடுவதைத் தாண்டி அந்த அடுப்பங்கரையில் அவர் எதையும் தொட்டதில்லை.

மறுநாளே இறங்கிவிட்டார். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் தராசில் நிறுத்து, காகிதத்தில் பொட்டலம் மாதிரி வரிசையாக வைத்தார். முட்டையை ஒரு டம்ளரில் உடைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பாதியளவு சரித்து ஊற்றினார். முட்டை அப்படிக் கேட்கிற ஜாதியா? வெள்ளைக்கரு மொத்தமாக வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது, மஞ்சள் டம்ளரின் அடியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி பாதிதானே என்று விட்டுவிட்டார். மாவைக் கலக்கி, எப்போதும் கேக் சுடுகிற பெரிய வட்டத் தட்டிலேயே ஊற்றினார். பாதி மாவு அந்தத் தட்டில் தோசை மாதிரி பரவியது.

மேல் அலமாரியில் சின்னத் தட்டு ஒன்று இருப்பது டெய்லரம்மாவுக்குத் தெரியும். மெஷினில் ஊசிக்கு நூல் கோத்தபடி அவள் சும்மா இருந்தாள்.

வந்தது ஒரு தட்டை. ஓரமெல்லாம் முறுகி, நடுவில் வறண்டு, கடித்தால் தோல் மாதிரி இருந்தது. அவள் ஒரு துண்டுக்கு இரண்டு துண்டாக எடுத்துச் சாப்பிட்டாள். "பரவாயில்லங்க, முதல் தடவைக்கு" என்று ஆறுதலும் சொன்னாள். அவ்வளவு இனிப்பாக அவள் எந்தக் கேக்கையும் சாப்பிட்டதில்லை.

அதோடு போயிருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அந்த வாரம் எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையின் மருந்துப் பாட்டிலோடு வந்து நின்றாள். டாக்டர் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், பாதி எப்படி எடுப்பது என்று கேட்டாள். கம்பவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"நல்லா குலுக்கிட்டு எடும்மா. குலுக்காம ஊத்துனா மேல இருக்கிற தண்ணிதான் வரும், மருந்து அடியில நின்னுரும். ஒண்ணா கலந்த பிறகுதான் பாதின்னா அது பாதி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் போன பிறகு நேராகப் போய் ஒரு முட்டையை எடுத்தார். டெய்லரம்மா தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இந்த முறை முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, முள்கரண்டியால் அடித்தார். நுரை கிளப்பாமல், வெள்ளையும் மஞ்சளும் வேறு தெரியாமல், கரண்டியைத் தூக்கினால் கோழையாகத் தொங்காமல் நூலாக ஒழுகும் வரைக்கும் அடித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே வைத்தார். உப்பில் அது இளகித் தண்ணீராக ஓடியது. பிறகு ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து, மொத்தம் எவ்வளவு என்று பார்த்து, சரிபாதியை உறிஞ்சி எடுத்தார். சந்தேகத்துக்குத் தராசிலும் வைத்துப் பார்த்தார். ஓடு நீக்கி ஐம்பது கிராம் இருந்த முட்டையில் இருபத்தைந்து. மேசைக்கரண்டியில் அளந்தால் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மீதிப் பாதியைச் சின்னக் கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார், அடுத்த நாள் ஆம்லெட்டோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று. மேல் அலமாரியைத் துழாவி, கேட்காமலே அந்தச் சின்னத் தட்டையும் கண்டுபிடித்துவிட்டார். வழக்கமான நேரத்துக்கு முன்பே அடுப்பைத் திறந்து குச்சியால் குத்திப் பார்த்தார்.

கேக் ஆறியதும் டெய்லரம்மா விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்து மெல்ல எழும்பியது. பிட்டாள். உள்ளே கண்ணறைகள் ஒரே சீராக, சின்னச் சின்னதாக இருந்தன. வாயில் போட்டால் கரைந்தது. அது அவளுடைய கேக். அவள் கையில் வருவது அப்படியே, அச்சு அசலாக, பாதி அளவில், அவள் கை படாமல்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சர்க்கரை ஒரு துளி தூக்கலா இருக்கு," என்றாள். இல்லை. அவளுக்கே தெரியும், இல்லை.

அந்த வாரம் போன் வந்தபோது கம்பவுண்டர் எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. உப்பு எதற்கு, நுரை வந்தால் அளவு ஏன் ஏமாற்றும், சிரிஞ்சு இல்லாவிட்டால் கரண்டியால் எப்படி அளப்பது என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் பாப்பா குறுக்குக் கேள்வி கேட்க, இரண்டு பேரும் சிரிக்க, டெய்லரம்மா ஒரு கால்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டு காத்திருந்தாள். மடிப்பு கோணிப் போனது. பிரித்துத் தைத்தாள். திரும்பவும் கோணியது. கடைசியில் போன் அவள் கைக்கு வந்தபோது பாப்பாவுக்கு வேறு வேலை வந்துவிட்டது. "சரிம்மா, வைக்கிறேன்" என்பதோடு முடிந்தது.

அடுத்தடுத்த வாரமும் அதே கதை. இப்போது அவர்கள் இருவருக்கும் கேக்கைத் தாண்டியும் பேச்சு இருந்தது. ஆபீஸ், மாமியார், முதுகுவலி என்று இவளிடம் வரவேண்டிய சங்கதியெல்லாம் அவரிடம் போனது. சாப்பிடும்போது அவர் எடுத்துச் சொல்வார். தன் மகளைப் பற்றிய செய்தி இரண்டாம் கையாக வருவதைக் கேட்க அவளுக்கு நெஞ்செரிந்தது. ஒரு நாள் பாப்பா பேச்சுவாக்கில், ஆபீஸில் எல்லாருக்கும் 'அப்பா கேக்' பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டாள்.

அப்பா கேக். டெய்லரம்மா அந்த இரண்டு வார்த்தையை ராத்திரியெல்லாம் மென்றாள். பாப்பாவை எட்டு மாசப் பிள்ளையாக இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கலக்கிய மாவு அது. இன்றைக்கு ஒரு முட்டையை இரண்டாக்கியவர் பேரில் பட்டா மாறிவிட்டது. நெல் விதைத்தவள் ஒருத்தி, களத்தில் அளந்தவனுக்கு மகசூலா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகளும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் கேக் செய்வதாக ஏற்பாடு. வீடியோவில் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அதில் டெய்லரம்மாவுக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

"கொஞ்சம் கீழ காட்டு. இல்ல, கிண்ணத்தைக் காட்டு. ஆடாம பிடி," என்றார் கம்பவுண்டர்.

அவள் ஆடாமல் பிடித்தாள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, அளந்த பாதி முட்டையை ஊற்றி அடித்து முடித்தார். மாவு சேர்க்க வேண்டிய நேரத்தில் வாசல் மணி அடித்தது. தண்ணீர் கேன் போடுகிறவர். கம்பவுண்டர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். போனில் பாப்பாவின் அடுப்பங்கரை தெரிந்தது, பாப்பா தெரியவில்லை. டெய்லரம்மா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். மேடை மேல் மீதிப் பாதி முட்டை மூடாத கிண்ணத்தில் இருந்தது.

யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. கை நீண்டது, கிண்ணம் வெண்ணெய்க் கலவையின் மேல் கவிழ்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரண்டியை இருந்த இடத்தில் வைத்தாள். காலிக் கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்துவிட்டாள். நிமிர்ந்தபோது போனில் பாப்பா இருந்தாள், கையில் கேக் தட்டோடு. டெய்லரம்மா போனை எடுத்துக்கொண்டாள்.

கம்பவுண்டர் திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ன இது, திரிஞ்ச மாதிரி இருக்கு?" வெண்ணெய் குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மாவையும் பாலையும் சேர்த்தார்.

மகளுடைய கேக் போனில் பார்க்கும்போதே பூவாகத் தெரிந்தது. இவருடையது நடுவில் குன்றாக எழும்பி, அறுத்தால் ரொட்டி மாதிரி இழுத்தது. முட்டை வாடை மேடை வரைக்கும் வீசியது. "முட்டை பெருசா இருந்திருக்கும்ப்பா," என்றாள் பாப்பா. சொல்லும்போது அவள் கண் அப்பாவைப் பார்க்கவில்லை.

டெய்லரம்மா ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். முன்பு அந்தத் தட்டைக் கேக்கைச் சாப்பிட்டபோது இருந்த இனிப்பு இதில் இல்லை.

மறுநாள் மத்தியானம் அவளுடைய சொந்த போன் அடித்தது. எடுத்ததும் பாப்பா, "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள். இல்லை, தூங்குகிறார் என்றாள்.

"நான் பார்த்தேம்மா."

டெய்லரம்மா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். பார்த்தவள் வேறு யாராவது என்றால் சண்டை போட்டுச் சமாளித்துவிடுவாள்.

"ஏம்மா அப்படிப் பண்ண?"

"தெரியலடி." பிறகு, கேட்காமலே வந்தது. "நீ என்கூட பேசுறதே இல்ல. எல்லாம் அவர்கிட்டயே பேசிடுற. என் கேக்கு, அதுக்கு அப்பா கேக்குன்னு பேரு."

"நான் உன்கிட்டதானே முதல்ல கேட்டேன்," என்றாள் பாப்பா. "பத்து வயசுல இருந்து கேட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் 'உனக்கு வராது'ன்னுதான் சொல்லியிருக்க. அப்பா வரும்னு சொன்னாரு. அவ்வளவுதாம்மா வித்தியாசம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பாப்பா வேறொன்றையும் சொன்னாள். நேற்றிலிருந்து அப்பா மூன்று முறை தனக்குப் போன் செய்துவிட்டார், கை நடுங்க ஆரம்பித்துவிட்டதா, கண் மங்கிவிட்டதா என்று கேட்கிறார், தன்னால் அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை, உண்மையையும் சொல்ல முடியவில்லை என்றாள். "அதை நீயே பார்த்துக்கம்மா" என்று வைத்துவிட்டாள்.

டெய்லரம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. காலையில் அவர் தராசைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய், அங்கே எடைக்கல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோட்டைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். ஆயிரக்கணக்கான பேருக்கு அளந்து கொடுத்த கை. ஒரு சொட்டு மாறினால் உயிர் போய்விடும் என்று பழகிய கை. ஒரு கேக் கெட்டதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தபோது, வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அணைந்து, அந்த இடத்தில் வேறொன்று கனமாக உட்கார்ந்தது.

அவர் எழுந்து வந்து டீக்குத் தண்ணீர் வைத்தபோது அடுப்பங்கரை வாசலில் போய் நின்றாள்.

"உங்க கையில ஒண்ணும் இல்லங்க," என்றாள். "மீதி முட்டையை நான்தான் ஊத்துனேன்."

அவர் திரும்பவில்லை. "எப்போ?"

"தண்ணி கேன் வந்தப்ப."

"அந்தக் கிண்ணத்தைத்தான் தேடிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "ஃப்ரிட்ஜுல வைச்சதா ஞாபகமே இல்ல, எங்க போச்சுன்னும் தெரியல. மறதியும் சேர்ந்து வந்துடுச்சுன்னு நினைச்சேன்." பெருமூச்சு விட்டார். முதலில் வந்தது நிம்மதிதான். தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. தண்ணீர் கொதித்துச் சிந்தியதும் அடுப்பை அணைத்தார்.

"மருந்துக் கூடத்துல எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்."

"இங்க அனுப்ப முடியாதே," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் அவர் தனியாக டீ போட்டுத் தனியாகக் குடித்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போவார். அவளும் சமாதானத்துக்கு ஓடவில்லை. தப்பு செய்தவள் அவசரப்படக் கூடாது என்று இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் தைக்க வந்திருந்த திரைச்சீலைகளை ஓரம் வைத்துவிட்டு, அவள் ஒரு முட்டையை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து கண்ணளவிலேயே சமைத்தவள் தராசை மேடையில் வைத்தாள். முட்டையை உடைத்து, உப்புப் போட்டு, அடித்தாள். வெள்ளைக்கரு ஒரு கட்டியாகக் கரண்டியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பொறுமை போனது. இதற்கு எவ்வளவு நேரம் அவர் நின்று அடித்தார் என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. மறுபடியும் அடித்தாள். கடைசியில் நூலாக ஒழுகியது. சிரிஞ்சு அவளுக்குப் பழகவில்லை. தராசில் கிண்ணத்தை வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள்.

போனைச் சாய்த்து வைத்து பாப்பாவைக் கூப்பிட்டாள். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருந்தவள், அம்மா முன்னால் தராசைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டெய்லரம்மா செய்துகொண்டே சொன்னாள். வெண்ணெய் எந்த அளவுக்கு இளகியிருக்க வேண்டும், விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது. ஆரஞ்சுத் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு போட்டுத் தேய்த்தால்தான் மணம் இறங்கும். மாவு சேர்த்த பிறகு ரொம்பக் கலக்கினால் இறுகிவிடும். கைப்பக்குவம் என்று இத்தனை நாள் ஒரே வார்த்தையில் முடிந்து போனதெல்லாம் அதுதான். வராது என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. ஒரு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள்.

வாசலில் கம்பவுண்டர் வந்து நின்றது தெரிந்தது. பார்க்காத மாதிரி இருந்தாள். அவர் எட்டித் தராசைப் பார்த்தார். பிறகு மீதி முட்டை இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். போனில் அம்மாவும் மகளும் அவரைக் கவனிக்காமல் துருவலைப் பற்றிப் பேசிச் சிரிப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு கிராம் கூடப் போயிருக்கு," என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தது அதற்குத்தான்.

"ரெண்டு கிராமுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா," என்றாள் பாப்பா.

"ஆகாதுதான்," என்றார். ஆனாலும் நகரவில்லை. தான் பேசாமல் இருந்த இரண்டு நாளில் இந்தச் சிரிப்பு தன்னை விட்டுவிட்டு எப்படி ஆரம்பித்தது என்று அவருக்கு விளங்கவில்லை போலிருந்தது. முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. டெய்லரம்மாவுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகத் தன் முகத்தில் சுமந்துகொண்டு திரிந்ததுதான்.

பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் மாவைத் தட்டில் வழித்து ஊற்றிவிட்டு, கரண்டியை அவரிடம் நீட்டினாள்.

"தட்டை அடுப்புல வைங்க. எப்ப எடுக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் முழு கேக்கு கணக்குக்கு விட்டா காய்ஞ்சு போயிரும்."

அவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். தட்டைத் தூக்கும் முன்னால் மீதி முட்டைக் கிண்ணத்தை எடுத்து மூடி, ஃப்ரிட்ஜில் உள்ளே தள்ளி வைத்து, கதவைச் சாத்தினார்.